கஞ்சி காய்ச்சாத பானை

புதுக்கோட்டைக் கடைவீதியில் இருந்த ஒரு பாத்திரக் கடையில் ஆறாண்டுகள் சீட்டு எழுதினேன். பாத்திரத்தை வாங்கிச் செல்பவர் கையில் அதனோடு சேர்த்துக் கொடுக்கும் சீட்டு அது. முதலில் எப்படிப் பழக்குவது, எப்படிக் கழுவுவது, எதைச் செய்யக் கூடாது என்று உள்ளங்கை அளவுத் தாளில் எழுதவேண்டும். எட்டாண்டுகள் ஆசிரியர் ஒருவரிடம் இருந்து இலக்கணமும் இலக்கியமும் பாடம் கேட்டவன் நான். பள்ளிக்கூடம் ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, எங்கும் இடமில்லை என்று கேட்டு அலுத்த பிறகு, இந்த வேலை வந்தது. வேண்டாமென்று சொல்லும் தெம்பு எனக்கு இல்லை.

கடைக்காரருக்குச் சீட்டு தேவைப்பட்டதன் காரணம் கடையின் வடக்கு மூலையில் கிடந்தது. திரும்பி வந்த பாத்திரங்களை அங்கே போட்டுவைப்பார். துருவேறிய தோசைக்கல், குழிக்குக் குழி மாவு ஒட்டிக் கரிந்த பணியாரச்சட்டி, உள்ளே பச்சைக் களிம்பு பிடித்த பித்தளைத் தவலை. கொண்டுவந்தவர் ஒவ்வொருவரும் கடையின் வாசலில் நின்று, வீதி முழுவதும் கேட்கும்படி பேசுவார். கடைக்காரர் பதிலுக்குப் பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போனவர். வாயால் சொன்னதை வீட்டுக்குப் போவதற்குள் மறந்துவிடுகிறார்கள், எழுதிக் கொடுத்துவிட்டால் நம் பக்கம் பிழை இராது என்று அவர் எண்ணினார். என்னைப் ‘புலவரே’ என்றுதான் அழைப்பார். அதில் மதிப்பும் கேலியும் எந்த அளவில் கலந்திருந்தன என்பதை நான் கடைசிவரை அளந்து பார்க்கவில்லை.

எழுதுவதற்கு முன் செய்து பார்த்துவிடவேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். பொருளறியாமல் சொல்லை வைப்பது என் ஆசிரியருக்குப் பிடிக்காத குற்றம். கடையின் பின்புறம் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பாக்கி, வார்ப்பு இரும்புத் தோசைக்கல் ஒன்றை எடுத்துக்கொண்டேன். வார்ப்பு அச்சின் மணல் இன்னும் சொரசொரப்பாக ஒட்டியிருந்தது. செங்கல்தூளும் தேங்காய்நாரும் கொண்டு கை சிவக்கத் தேய்த்தேன். சோறு வடித்த கஞ்சியில் மூன்று நாள் ஊறவைத்து, நாளுக்கு ஒருமுறை கஞ்சியை மாற்றினேன். பின்பு கழுவி, ஈரம் போக அடுப்பில் காட்டி, வெதுவெதுப்பாக இருக்கும்போதே நல்லெண்ணெய் தடவி ஓர் இரவு விட்டேன். மறுநாள் மீண்டும் சூடேற்றி, வெங்காயத்தைப் பாதியாக நறுக்கி எண்ணெயில் தொட்டுத் தேய்த்தேன். முதல் மூன்று தோசைகள் சாம்பல் நிறமாக வந்தன, நாய்க்குப் போட்டேன். நான்காவது தோசை கல்லை விட்டுத் தானே எழுந்தது. இவ்வளவையும் பன்னிரண்டு வரிகளில் எழுதினேன். ‘சூடான கல்லின்மேல் குளிர்நீர் ஊற்றற்க; வார்ப்பு இரும்பு வளையாது, வெடிக்கும்’ என்ற வரியைத் தனியே பிரித்து வைத்தேன். அதன் பிறகும் ஒருவர் இரண்டாகப் பிளந்த கல்லைக் கொண்டுவந்து, தண்ணீர் தெளித்ததாகவும் ஊற்றவில்லை என்றும் வாதிட்டார்.

பித்தளை எனக்கு வேறு வகையில் அலுப்பூட்டியது. அதன் பளபளப்பு எல்லோருக்கும் வேண்டும். அதன் உட்புறம் யாருக்கும் நினைவில் இல்லை. புளியும் சாம்பலும் தொட்டு வெளியே பொன்போல் துலக்கும் அதே கை, உள்ளே பூசிய ஈயத்தையும் செங்கல்தூள் போட்டுச் சுரண்டிவிடும். வெறும் தவலையை அடுப்பில் ஏற்றிவிட்டு நீர் எடுக்கப் போவார்கள். திரும்பி வருவதற்குள் ஈயம் உருகி அடியில் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். உள்ளே மஞ்சள் தெரிந்தால் அதில் புளிக்குழம்பும் மோரும் வைக்கக் கூடாது, மறுபடி ஈயம் பூசும்வரை தண்ணீருக்கு மட்டுமே ஆகும் என்று எழுதினேன். படித்தவர்கள் மிகச் சிலர். படிக்கத் தெரிந்தவர்கள் வீட்டு ஆண்கள். பாத்திரத்தைப் புழங்குபவர்கள் பெண்கள். இந்த ஒரு செய்தியை நான் அப்போதே சரியாக எடைபோட்டிருக்கவேண்டும்.

பிறகு போர் வந்தது. பித்தளைத் தகடு வருவது குறைந்தது. ஈயம் அதைவிட அரிதாயிற்று. அலமாரிகள் காலியாகவே, கடைக்காரர் முதன்முறையாக மண்பாண்டம் வாங்கி வைத்தார். நகரத்துக்குத் தெற்கே இரண்டு கல் தொலைவில் சூளை வைத்திருந்த ஒரு குடும்பத்தார் கொண்டுவந்து இறக்கினார்கள். கணவர் சக்கரத்தில் வனைவார். அவர் கடைவீதிப் பக்கம் வந்ததே இல்லை. அடி தட்டி, உலர்த்தி, சூளை அடுக்கி, வைக்கோல் பரப்பிய வண்டியில் ஏற்றி வருவது அவர் மனைவி. ஐம்பது வயதிருக்கும். பேச்சில் சிக்கனமே கிடையாது. பானையை நான் கையில் எடுத்தால், “வெளிம்பப் புடிச்சுத் தூக்காதீங்க தம்பி, காதப் புடிச்சுப் புள்ளயத் தூக்குற மாதிரி. அடியில கை குடுங்க” என்பார்.

மண்சட்டிக்கு முதல் பக்குவம் என்ன என்று அவரைக் கேட்டேன். ஒரு பகலும் ஓர் இரவும் தண்ணீரில் மூழ்கக் கிடக்கவேண்டும். நிழலில் உலர்த்தவேண்டும். பிறகு கஞ்சித் தண்ணீரை முக்கால் சட்டி ஊற்றி, சிறு தீயில் வைத்து, கொதித்து அடங்கியதும் தானே ஆறவிட்டுக் கொட்டவேண்டும். மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகளைக் கஞ்சியின் பசை அடைத்துவிடும். அதன் பிறகு குழம்பு வைத்தால் கசியாது, மண்வாடையும் இராது. சூடான சட்டியை ஈரத்தரையில் இறக்கக் கூடாது. வைக்கோற் பிரிமணைமேல் இறக்கவேண்டும். நான் ஒரு சட்டியில் செய்து பார்த்தேன்; அவர் சொன்னபடியே நடந்தது. மனநிறைவோடு, எல்லா மண்பாண்டங்களுக்கும் பொருந்துமாறு ஒரே தொடராக எழுதினேன்: ‘ஒரு பகலும் ஓர் இரவும் நீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, கஞ்சி காய்ச்சிக் கொட்டிய பின்னரே சமைத்தல் வேண்டும்.’ தாளுக்கும் தட்டுப்பாடு வந்திருந்த காலம். ஒரு தொடரில் முடிந்தது குறித்து எனக்குச் சிறிது பெருமைகூட இருந்தது.

தை பிறந்தது. பொங்கல் கழிந்த நான்காம் நாள் காலையில், கீரனூர்ச் சாலையிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து குடியானவர் வீட்டு அம்மையார் ஒருவர் வந்தார். முந்தானையை விரித்து, ஒரு பொங்கற்பானையின் ஓடுகளைக் கடைக்காரர் முன் கொட்டினார். நாற்பத்தைந்து வயதுக்காரர், நடந்து வந்த களைப்பில் குரல் தாழ்ந்திருந்தது. கூச்சலிட்டிருந்தால் நாங்கள் பழகியவர்கள். தாழ்ந்த குரல்தான் கடையைச் சங்கடப்படுத்தியது.

“பால் ஊத்தி அஞ்சு நிமிசம் ஆகலைங்க. அடி விட்டுப் பாலெல்லாம் அடுப்புல. அடுப்பு அணைஞ்சே போச்சு. மருமக வந்து மொத பொங்கலு.”

மற்றதை அவர் சொல்லத் தேவையில்லை. கதிரவனுக்கு வைத்த பொங்கலில் பானை விரிசல் விட்டது. வைத்தவள் புதிதாக வந்த மருமகள். நான்கு நாட்களாக அந்த வீட்டார் அவளிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை என்று அவரே பிறகு சொன்னார். இவர் இவ்வளவு தொலைவு நடந்து வந்தது வேறொரு பானைக்காகவன்று. குற்றம் பானையுடையது, பெண்ணின் கையுடையதன்று என்பதைக் கடைக்காரர் வாயால் கேட்டுக்கொண்டு போகவேண்டும் அவருக்கு. அதே கிழமையில் இன்னும் நான்கு பொங்கற்பானைகள் அதேபோல் திரும்பி வந்திருந்தன. கடைக்காரர் ஓடுகளைப் பார்த்தார். வடக்கு மூலையைப் பார்த்தார்.

அந்த அம்மையாரின் ஊரில் பங்குனியில் அம்மன் கோயில் பொங்கல். நாற்பத்தொரு வீட்டுக்கு நாற்பத்தொரு பானை என்று எங்கள் கடையில் முன்னமே சொல்லிவைத்திருந்தார்கள். அதையும் வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போகவே வந்திருந்தார்.

நல்லதோ கெட்டதோ, சூளைக்காரரின் மனைவி அன்று சட்டி இறக்க வந்திருந்தார். வண்டியிலிருந்து இறங்கி வந்தவர் ஓடு ஒன்றை எடுத்துத் திருப்பினார், விரலால் விளிம்பைத் தடவினார், முகர்ந்தும் பார்த்தார்.

“ஊறப்போடாமப் பனவோலையக் கொண்டாந்து எரிச்சிருக்கீங்க. பானை என்ன செய்யும், அழுவுமா?”

“சீட்டு குடுத்தோமே தாயி” என்றார் கடைக்காரர், என் பக்கம் கையைக் காட்டி. “அதுல போட்டபடி செஞ்சீங்களா இல்லையா?”

“மகன் படிச்சுச் சொன்னான்” என்றார் அந்த அம்மையார். “கஞ்சி காய்ச்சிக் கொட்டிட்டு அப்புறம் வைக்கணும்னு இருந்துச்சாம். கஞ்சி காய்ச்சுன பானையிலயா சூரியனுக்கு வைக்கிறது? அடுப்பேறி எறங்குனா அது என்னங்க புதுப்பானை? இது கொழம்புச் சட்டிக்கு எழுதுனது, நமக்கில்லடான்னு கூரை எரவாணத்துல சொருகச் சொல்லிட்டேன்.”

நான் என் தொடரை மனத்துக்குள் படித்துப் பார்த்தேன். மூன்று செயல்களை எச்சங்களால் கோத்து ஒரு முற்றில் முடித்திருந்தேன். மூன்றில் ஒன்று ஒவ்வாமற் போகவே, மூன்றையும் சேர்த்து எரவாணத்தில் செருகிவிட்டார்கள். ஊறவைத்தலும் உலர்த்தலும் அதோடு போயின.

சூளைக்காரரின் மனைவியிடம் திரும்பி, உங்கள் வீட்டில் பொங்கற்பானைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

“நாங்களும் கஞ்சி காய்ச்ச மாட்டோம். ஊறப்போடுவோம். தண்ணியில கெடந்தா ஆண்டதாகாது தம்பி. நெருப்பு பட்டாத்தான் ஆண்டது.”

“இதை அன்றே ஏன் சொல்லவில்லை?”

“நீங்க சட்டியத்தான கேட்டீங்க. பொங்கப்பானைய யாரு கேட்டா?”

அது உண்மை. நான் கேட்டது சட்டியைப் பற்றி, எழுதியது எல்லாவற்றுக்கும். ஆண்டது என்றால் புழங்கியது. புதுப்பானை என்பது அவர்களுக்கு நேற்று வாங்கிய பானையன்று, தீயைக் காணாத பானை. அதை நானும் பிறந்த வீட்டில் பார்த்தவன்தான். பார்த்ததை எழுதுகோலின் பக்கம் கொண்டுவர எனக்குத் தோன்றவில்லை.

குடியானவர் வீட்டு அம்மையார் சூளைக்காரரின் மனைவியைப் பார்த்தார். சற்றுமுன் ஒருவரையொருவர் குற்றம் சொன்னவர்கள், இப்போது இருவருமாக என்னைப் பார்த்தார்கள்.

“அப்ப இந்தச் சீட்டாலதான் ஒடஞ்சிருக்கு” என்றார் அந்த அம்மையார், நிதானமாக.

“ஆமா ஆத்தா. பானையில குத்தமில்ல, பொண்ணு மேலயும் குத்தமில்ல” என்றார் சூளைக்காரரின் மனைவி.

கடைக்காரர் சிரித்தார். அந்தக் கிழமையில் அவர் சிரித்து நான் கண்டது அதுதான். “புலவரே, அஞ்சு பானைய உக்காந்த எடத்துலயே ஒடச்சிருக்கீங்களே.”

மறுக்க ஒன்றுமில்லை. ஆம், பிழை என்னுடையதுதான் என்று அந்த அம்மையாரிடம் சொன்னேன். வீட்டில் போய்ச் சொல்லலாமா என்று கேட்டார், சொல்லுங்கள் என்றேன். பங்குனிக்குச் சொன்ன பானைகள் சொன்னபடியே இருக்கட்டும் என்றார். ஓடுகளை முந்தானையில் மறுபடி அள்ளிக்கொண்டார். வீட்டாருக்குக் காட்டவேண்டும் போலும். அவருடைய நடையில் வரும்போது இருந்த களைப்பு குறைந்திருந்தது. என்னுடையதோ அன்றுதான் தொடங்கியது.

ஏனெனில் கடைக்காரர் சிரித்துவிட்டு அதோடு விடவில்லை. நாற்பத்தொரு பானைகளையும் கொடுப்பதென்று முடிவாயிற்று. ஆனால் ஒன்று விட்டாலும் அன்றோடு சரி, இந்தக் கடையில் இனி மண் ஏறாது என்று சூளைக்காரரின் மனைவியின் முகத்துக்கு நேரே சொன்னார். அந்த அம்மாள் மீதிச் சட்டிகளை இறக்கத் திரும்பினார். அவருக்கு இரண்டு மாடுகளில் ஒன்று முந்தின மாதம் கோமாரி நோயில் இறந்திருந்தது. தொலைவிலுள்ள சந்தைகளுக்கு வண்டி கட்ட இயலாது. இரவல் மாட்டைப் பூட்டி எங்கள் கடைவரை வருவதே பெரும்பாடு. கடையின் கதவு மூடினால் சூளையின் வாய் மூடும். பானையின் அடி அவர் கையில் இருந்தது. அது தாங்குவது இனி என் சீட்டைப் பொறுத்திருந்தது. இப்படி இருவரைக் கட்டிப்போட்டதை உணராமலே கடைக்காரர் எழுந்து சாப்பிடப் போய்விட்டார்.

சீட்டை மாற்றி எழுதும் வேலை எளிதாக இல்லை. கஞ்சி காய்ச்சக் கூடாது. ஆனால் துளை அடைபடவேண்டும். நான்கு நாட்கள் எழுதி எழுதிக் கிழித்தேன். ஐந்தாம் நாள் சூளைக்குப் போய், கஞ்சிக்கு மாற்று ஏதேனும் உண்டா என்று கேட்டேன். களிமண்ணை மிதித்துக்கொண்டே அந்த அம்மாள் சொன்னார்:

“பொங்கலுக்கு மொதல்ல ஊத்துறது என்ன தம்பி? ரெண்டாந்தரம் அரிசி களைஞ்ச தண்ணி. அதுல ரெண்டு கை பாலு. அது மட்டும் கஞ்சி இல்லாம வேற என்னவாம்?”

ஆகவே பழக்குவதும் படைப்பதும் ஒரே கொதியில் நடந்துகொண்டிருக்கின்றன. தனியே ஒன்றைச் சேர்க்கத் தேவையே இல்லை. செய்யவேண்டுவது முன்னால் ஊறவைப்பதும் தொடக்கத்தில் தீயைத் தாழ்த்துவதும் மட்டுமே. புதுப்பானை அடுப்பில் ஏறியதும் வெளிப்புறம் வியர்க்கும். அந்த வியர்வை முழுவதும் உலரும்வரை சிறு விறகு. உலர்ந்த பிறகு தீயை வளர்க்கலாம். களைநீரின் பசை உள்ளே துளைகளில் படிந்துவிட்டதற்கு அந்த உலர்வே அடையாளம். இவ்வளவையும் அங்கேயே புளியமரத்தடியில் உட்கார்ந்து எழுதினேன். இந்த முறை ஒவ்வொரு செயலையும் தனித்தனித் தொடராக, முற்றுப்புள்ளி வைத்துப் பிரித்தேன்.

கடைசியாக அவர் ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். களிமண்ணில் எவ்வளவு சலித்தாலும் சுண்ணாம்புக்கல் பொடி ஒன்றிரண்டு தப்பிவிடும். சூளையில் வெந்தபின் அது சுட்ட சுண்ணாம்பாகி உள்ளே இருக்கும். ஈரம் பட்டால் பொரிந்து உப்பி, மேலே ஒரு சில்லைத் தள்ளிவிடும். குழியின் நடுவே வெள்ளைப் புள்ளி தெரியும். அந்தப் பானை நெருப்பில் நம்பத்தகாதது. ஊறவைத்து உலர்த்தினால் இது முன்னமே தெரிந்துவிடும். ‘உலர்ந்தபின் சில்லுப் பெயர்ந்து வெள்ளைப் புள்ளி தெரியின், அடுப்பில் ஏற்றாமல் கடைக்குத் திருப்பித் தருக’ என்று எழுதி அவருக்குப் படித்துக் காட்டினேன். சரி என்றார். தம் பிழையைத் தாமே எழுதச் சொல்பவர் அவர் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கடைக்காரருக்கு உறைத்தது. “திருப்பிக் கொண்டாங்கன்னு நாமளே எழுதிக் குடுக்கிறதா? மூலையில எடம் இல்லைங்கிறதுக்குத்தானே ஒங்கள வச்சேன்?” என்று அந்த வரியை அடிக்கச் சொன்னார். அடுப்பில் உடைந்து வருவதைவிட அடுப்பேறாமல் வருவது மேலல்லவா என்று நான் சொல்லிப் பார்த்தேன். இரண்டு நாள் இதே பேச்சு. மூன்றாம் நாள் அவர் அலுத்துப்போய், பங்குனிவரை இருக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். வாதத்தில் நான் வென்றதாக எனக்குத் தோன்றவில்லை. இருவருக்கும் மூச்சு வாங்கியது, அவ்வளவுதான்.

திருநாளுக்கு மூன்று நாள் முன்பு பானைகளோடு நானும் வண்டியில் போனேன். எழுத்தை நம்பி ஒருமுறை கெட்டாயிற்று. இந்த முறை நேரில் படித்துச் சொல்வதென்று தீர்மானம். நாற்பத்தொன்றுக்கு நாற்பத்தேழாக ஏற்றியிருந்தார் சூளைக்காரரின் மனைவி. வெயில் வண்டிக் கூண்டைத் துளைத்தது. வைக்கோலுக்கு நடுவே பானைகள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு பள்ளத்திலும் அவர் வண்டியை நிறுத்தினார். எனக்குக் கழுத்து வலித்தது.

ஊருணியில் ஊறவைக்க அந்த ஊரார் விடவில்லை, அது குடிநீர். கண்மாயில் முழங்காலளவு நீர்தான் மிஞ்சியிருந்தது. பானைகளை ஒவ்வொன்றாக நீரில் சாய்த்து, காற்று குமிழியிட்டு வெளியேற, அடியில் உட்காரவைத்தோம். சுற்றிலும் நின்ற பெண்களுக்குச் சீட்டைப் படித்தேன். ‘வியர்வை உலருங்காறும்’ என்ற இடத்தில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தையில் ஓடுகளைக் கொண்டுவந்த அம்மையார் முன்னால் நின்றிருந்தார்.

“அய்யா சொல்றது இம்புட்டுத்தான்: பானை அழுது கண்ணத் தொடச்சப்புறம் எரிங்க” என்றார்.

அதன் பிறகு யாருக்கும் ஐயம் எழவில்லை. என் சீட்டின் இரண்டு வரிகள் அவர் வாயில் அரை வரியாயின.

மறுநாள் காலை பானைகளை எடுத்து மரநிழலில் வைக்கோல்மேல் கவிழ்த்தோம். அன்று முழுவதும் காய்ந்தன. மாலையில் சூளைக்காரரின் மனைவி குனிந்து குனிந்து ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். மூன்றில் சில்லுப் பெயர்ந்திருந்தது. குழியில் வெள்ளைப் புள்ளி. ஊர்ப் பெண்கள் பார்த்திருக்கவில்லை. முந்தானையால் மூடி வண்டிக்குக் கொண்டுபோயிருந்தால் நானும் கேட்டிருக்கமாட்டேன். அவர் மூன்றையும் தூக்கி, பெண்கள் நடுவில் வைத்தார்.

“இது மூனும் ஆகாது. என் மண்ணுல கல்லு இருந்துருக்கு.”

கூடுதலாக ஊறவைத்திருந்த ஆறில் மூன்றை எடுத்து ஈடுகட்டினார். ஓடுகளைக் கொண்டுவந்த அம்மையார் அந்தப் புள்ளியை நகத்தால் சுரண்டி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

திருநாளன்று கோயில் முன்னே இரு வரிசையாக நாற்பத்தொரு அடுப்புகள். களைநீரும் பாலும் ஊற்றினார்கள். யார் பானை முதலில் பொங்குகிறது என்பதில் அந்த ஊரில் போட்டி உண்டு. முந்தியவள் வீட்டுக்கு அவ்வாண்டு நலம் என்பார்கள். ஆகவே ஓலையை அள்ளிச் செருகக் கை துறுதுறுக்கும். நான் வரிசையின் ஓரத்தில் நின்று, மெதுவாக, மெதுவாக என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் குரல் கொட்டுச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. இளம்பெண் ஒருத்தி காய்ந்த தென்னங்கீற்றைக் கத்தையாக நுழைத்ததைப் பார்த்தேன். எட்டிப்போய்ச் சொல்வதற்குள் அந்த அம்மையார் அங்கே இருந்தார்.

“ஒம் புருசன் எங்கிட்டும் ஓடிப்போயிற மாட்டான்டி. மெதுவா எரி.”

கீற்று வெளியே வந்தது. பானைகள் வியர்த்தன. நாற்பத்தொரு பானைகளின் கழுத்திலிருந்து நீர் அரும்பி வயிற்றில் வழிந்து தீயில் சுரீரென்றது. சூளைக்காரரின் மனைவி வேப்பமரத்தில் சாய்ந்து நின்றார், கைகள் கட்டியிருந்தன. அவர் பானைகளைப் பார்க்கவில்லை, காதால் கேட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றியது. பானை விடுவதற்கு முன் மெல்லிய ஒலி ஒன்று வரும் என்று முன்பு சொல்லியிருந்தார். அன்று கழிந்த அரைமணியைப்போல் நீண்ட அரைமணி என் வாழ்வில் அதிகமில்லை.

முதலில் பொங்கியது மேலை வரிசையில் ஐந்தாவது பானை. அதன் பிறகு வரிசை முழுவதும் ஒன்றன்பின் ஒன்றாக நுரை எழுந்து விளிம்பைத் தாண்டியது. தைப்பொங்கலன்று வைத்துப் பழிக்கு ஆளான மருமகளின் பானை முப்பதாவதோ என்னவோ. வெகு நேரம் கழித்துத்தான் பொங்கியது. அவள் அதுவரை அடுப்பைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பால் நாலாபக்கமும் வழிந்ததும் எழுந்து, யாரையும் பாராமல், மாமியாருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். ஒரு பானையும் விடவில்லை.

மறுநாள் கடையில் கடைக்காரர் கணக்கப்பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் நிறுத்தினார்.

“எத்தன ஒடஞ்சுச்சு?”

“நெருப்பில் ஒன்றுமில்லை. ஊறியதில் மூன்று கெட்டன. அந்த அம்மாளே எடுத்து வைத்துவிட்டார்.”

“ஊர்க்காரங்க முன்னாலயா?”

“ஆமாம்.”

அவர் வெற்றிலையை மடித்து வாயிலிட்டுக்கொண்டார். மண் ஏறுமா ஏறாதா என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நானும் கேட்கவில்லை, போகவர வண்டியில் குலுங்கிய உடம்பு கேட்கும் நிலையில் இல்லை. பின்கட்டில் போய் உட்கார்ந்தேன்.

நான்காம் நாள் சூளைக்காரரின் மனைவி வந்தார். இரவல் மாட்டை நிழலில் கட்டிவிட்டு, இறக்கலாமா என்று என்னைத்தான் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. கடைக்காரர் உள்ளேயிருந்தபடியே, வடக்கு மூலையைக் காலி செய்யுமாறு ஆட்களிடம் சொன்னார். பிளந்த தோசைக்கல்லும் களிம்பேறிய தவலையும் பின்கட்டுக்குப் போயின. அந்த இடத்தில் பானைகளுக்காக வைக்கோல் பரப்பினார்கள். வைக்கோலின் ஓரத்தில் வாயகன்ற பழைய கூடை ஒன்றைக் கடைக்காரரே கொண்டுவந்து வைத்தார்.

“ஊறிக் கெட்டது வந்தா இதுல போடுங்க. நெறஞ்சா ஆத்தா எடுத்துக்கிட்டுப் போகட்டும்” என்றார்.

அந்த அம்மாள் கூடையைப் பார்த்தார். “ரொம்பப் பெருசா இருக்கே மொதலாளி. என் மண்ணு அம்புட்டு மோசமா?”

“சின்னக் கூடை இல்ல” என்றார் கடைக்காரர்.

அந்த அம்மாள் பானைகளை இறக்கத் தொடங்கினார், அடியில் கை கொடுத்து, ஒவ்வொன்றாக. ‘திருப்பித் தருக’ என்ற அந்த வரியை அடிக்கும்படி அதன்பின் யாரும் சொல்லவில்லை. தாளை நறுக்கி வைத்துக்கொண்டு மண்ணுக்கான சீட்டைப் படியெடுத்தேன். இருபதாவது படியில் விரல் மரத்தது. அதற்குள் வாசலில் ஒருவர் தோசைக்கல்லோடு வந்து நின்றுவிட்டார், மாவு ஒட்டுகிறதாம். கஞ்சியில் ஊறப்போட்டீர்களா என்று கேட்டுக்கொண்டே எழுந்தேன்.